மணிக்கட்டு அளவை மட்டும் கேட்டு வளையல் அனுப்பும் விற்பனையாளரிடம் கவனமாக இருங்கள்

என் அக்காவுக்காகக் கல் பதித்த, மூட்டில்லாத அகலக் காப்பு ஒன்றை இணையவழியில் வாங்கினேன். விற்பனையாளர் கேட்டது மணிக்கட்டுச் சுற்றளவு ஒன்றை மட்டுமே. அது 15 செ.மீ. என்று அளந்து அனுப்பியதும், தளர்வுக்காக 2 செ.மீ. கூட்டி, 17 செ.மீ. உட்சுற்றளவில், அதாவது ஏறத்தாழ 54 மி.மீ. உள்விட்டத்தில், இரண்டு-இரண்டு அளவுக் காப்பை அனுப்பிவிட்டார். அது விரல் முட்டிகளைத் தாண்டவே இல்லை. சோப்பு தடவி அழுத்திப் போடுமாறு அவர் சொன்னதைக் கேட்டு முயன்றதில், கட்டைவிரலின் அடிப்பகுதி சிவந்து வீங்கியதுதான் மிச்சம்.

மணிக்கட்டைச் சுற்றி அளந்து சற்றுத் தளர்வு சேர்ப்பது, கொக்கியால் திறந்து மாட்டும் பிரேஸ்லெட்டுக்குச் சரியான முறை. மூடிய வளையலோ கையின் மிகப் பருத்த இடத்தைக் கடந்துதான் மணிக்கட்டுக்கு வர வேண்டும். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, அதன் நுனியைச் சுண்டுவிரலின் அடியோடு சேர்த்து, முட்டிகளையும் கட்டைவிரல் மூட்டையும் சுற்றி நாடாவை இறுக்காமல் ஒட்டினாற்போல் பிடிக்க வேண்டும். அக்காவின் கையை இப்படி அளந்தபோது 19 செ.மீ. வந்தது. அதை 3.14ஆல் வகுத்தால் 60.5 மி.மீ.; அது இரண்டு-ஆறு அளவு. இரண்டு அங்குலத்துடன் பதினாறில் ஆறு பங்கு என்பதே அந்த எண்ணின் பொருள். அனுப்பப்பட்டதோ அதைவிட இரண்டு படி சிறியது.

சுற்றளவு பொருந்தினாலும் சில கைகளில் வளையல் ஏறாததற்குக் காரணம், வளையலின் துளை வட்டமாகவும் கை தட்டையாகவும் இருப்பதுதான். மென்மையான கை குவிந்து வட்டத்துக்குள் அடங்கிவிடும்; முட்டி எலும்புகள் அகன்று, கட்டைவிரல் மூட்டு இறுகிய கை அவ்வாறு குவிவதில்லை. மெல்லிய வளையலையாவது சாய்த்து, ஒவ்வொரு முட்டியாகத் தாண்டவைக்கலாம். அகலக் காப்பைச் சாய்க்க இடமே இராது என்பதால், அதற்கு நாடா காட்டும் அளவைவிட ஒரு படி பெரிதாக எடுப்பதே பாதுகாப்பு. வெப்பத்திலும் மாலை வேளையிலும் கை சற்று உப்பும் என்பதால், காலையில் மட்டும் எடுத்த அளவை நம்பவும் கூடாது.

"நீங்கள் தந்த அளவுதான்" என்று சொல்லி விற்பனையாளர் மாற்றித் தர மறுத்துவிட்டார். கேட்க வேண்டிய அளவையே கேட்காத பிழை அவருடையது என்று நான் உறுதியாகச் சொல்வேன். சுற்றிலும் கல் பதித்திருப்பதால் அதைத் தட்டிப் பெரிதாக்கவும் வழியில்லை. மூடிய காப்பு வாங்குவோர், முட்டி அளவை அனுப்பிவிட்டு, உள்விட்டம் எத்தனை மி.மீ. என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் பெற்ற பிறகே பணம் செலுத்துங்கள். வெளிவிட்டத்தைச் சொல்லி முடித்துக்கொள்பவர்களும் உண்டு. உலோகத்தின் தடிமனை இருபுறமும் கழித்தால்தான் கை நுழையும் இடம் எவ்வளவு என்று தெரியும்.