ஓடுகிற குழந்தையும் டிகான்வல்யூஷனும்: நெடுநாள் பயன்படுத்தியவனின் புலம்பல்

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு ஒரு படம் அனுப்பினார். படித்துறைக்கு மேலே மண் பாதையில் ஆறு வயதுப் பெண் குழந்தை சப்பரத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பின்னால் ஆறு, தென்னை, கூட்டம் எல்லாம் கத்தி மாதிரி தெளிவாக இருக்கின்றன. குழந்தை மட்டும் இழுபட்டிருக்கிறது. "ஏண்ணே, நீங்கதான் ரொம்ப நாளா டிகான்வல்யூஷன் டிகான்வல்யூஷன்னு சொல்வீங்களே, கண்ணு மட்டும் தெளிஞ்சா போதும்ண்ணே" என்றார். அவருக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ரா ஃபைல்களைத் திருத்தும் RawTherapee மென்பொருளில் இருக்கும் RL Deconvolution-ஐ நான் வருஷக்கணக்காகப் பயன்படுத்துகிறேன். லென்ஸின் மென்மை, லேசாகத் தவறிய ஃபோகஸ் போன்றவற்றுக்கு அது அருமையான கருவி. சாதாரண ஷார்ப்பனிங் விளிம்பில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டுக் கண்ணை ஏமாற்றும். இது அப்படிச் செய்யாது. ஒவ்வொரு புள்ளியும் எப்படிப் பரவியிருக்கும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு, அந்தப் பரவலைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும். வானியல்காரர்களின் முறை இது. ரிச்சர்ட்சன் 1972-லும் லூசி 1974-லும் தனித்தனியாகச் சொன்னார்கள், RL என்பது அந்த இருவரின் முதலெழுத்து. 1990-ல் மேலே போன ஹபிள் தொலைநோக்கியின் கண்ணாடி பிசகியிருந்தது தெரிந்ததும், 1993 டிசம்பரில் அதைச் சரிசெய்யும்வரை படங்களைத் தேற்றுவதற்கு இந்த முறையும் கைகொடுத்தது.

ஆனால் அந்த ஸ்லைடரில் இருக்கும் Radius வட்டமான பரவலுக்கானது. எல்லாத் திசையிலும் சமமாகக் கலங்கியது என்று வைத்துக்கொண்டுதான் அது வேலை செய்யும். ஓடும் குழந்தை வட்டமாகக் கலங்குவதில்லை, ஒரு கோடாக இழுபடுகிறது. Radius-ஐக் கூட்டக் கூட்ட மேலும் கீழும் ஏற்கெனவே தெளிவாக இருந்த இடங்கள் கெட்டுப்போகும், பக்கவாட்டுக் கலக்கம் அப்படியே இருக்கும். ஆக, இதற்குக் கோடு வடிவப் பரவலை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பைத்தானில் படங்களைக் கையாளும் scikit-image தொகுப்பை வைத்துச் செய்கிறேன்.

அந்தக் கோடு எவ்வளவு நீளம், எந்தச் சாய்வு? இதற்குப் பதில் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே இருக்கும். எனக்கு இன்னும் அலுக்காத சந்தோஷம் இந்த இடம்தான். குழந்தையின் தோட்டில் மாலை வெயில் பட்டு ஒரு மினுக்கு விழுந்திருந்தது. நின்றிருந்தால் அது ஒரு புள்ளி. ஓடியதால் ஒரு சிறு கோடாகியிருந்தது. பெரிதாக்கி அளந்தால் 18 பிக்சல் நீளம், 8 டிகிரி சாய்வு. முகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் முகம் நகர்ந்ததும் அதே அளவுதான். கணக்கிலும் சரியாகவே வந்தது. ஷட்டர் 1/125. அந்தப் படத்தில் குழந்தை நிற்கும் தூரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 9 பிக்சல். குழந்தை நொடிக்கு இரண்டரை மீட்டர் ஓடினால், ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் 2 செ.மீ. நகரும். 2 × 9 = 18.

```python
import numpy as np
from skimage import io, restoration, transform

img = io.imread("sapparam.tif") / 65535.0
psf = np.zeros((25, 25))
psf[12, 3:21] = 1
psf = transform.rotate(psf, 8)
psf /= psf.sum()
out = np.stack([restoration.richardson_lucy(img[..., c], psf, num_iter=15)
                for c in range(3)], axis=-1)
```

இவ்வளவுதான் நிரல், இதில் psf என்பதுதான் அந்தக் கோடு. நிரலை விட அதற்குள் போகும் கோப்புதான் முக்கியம். ரா ஃபைலிலிருந்து டோன் கர்வ், நாய்ஸ் குறைப்பு, ஷார்ப்பனிங் எதுவும் போடாமல் லீனியராக எடுத்த 16 பிட் TIFF வேண்டும். சென்சாரில் ஒளி கூடிய விதத்தில்தான் கலக்கமும் கூடியிருக்கிறது. கர்வ் போட்ட பிறகு அந்தக் கூட்டல் கணக்கு பொருந்தாது. வாட்ஸாப்பில் வந்த ஜேபெக்கைக் கொடுத்தால் முகம் தெளிவதற்கு முன்னாலேயே எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்கள் தெளிந்து வரும். நல்லவேளை, தம்பியிடம் ரா ஃபைல் இருந்தது.

கணக்கு எத்தனை சுற்று ஓட வேண்டும் என்று சொல்லும் num_iter-க்கு இயல்பாக வைத்திருக்கும் மதிப்பு 50. ISO 800-ல் எடுத்த இந்தப் படத்துக்கு 15-ஐத் தாண்டியதும் கன்னத்தில் மணல் தூவினது போல் நாய்ஸ் எழும்பியது, அதனால் அங்கேயே நிறுத்திவிட்டேன். நீளம் சரியா என்று பார்க்கவும் அந்தத் தோடே போதும். கொடுத்த நீளம் குறைவாக இருந்தால் மினுக்கு சின்னக் குச்சியாகவே நின்று இரண்டு முனையும் பளிச்சென்று இருக்கும். அதிகமாக இருந்தால் நடுவில் புள்ளி வந்து இரண்டு பக்கமும் கறுப்பாகும். 18-ல் அது ஏறக்குறைய புள்ளியானது. அதே மினுக்குதான் கடைசியில் தொல்லையும் கொடுத்தது. வெளிச்சம் எரிந்து வெள்ளையாகிப்போன இடத்தில் உண்மையான அளவு எவ்வளவு என்று படத்தில் பதிவே இல்லை. கணக்கு அங்கே தடுமாறிச் சுற்றிலும் வளையம் போடும். அளக்க உதவிய தோட்டை மாஸ்க் போட்டு ஒதுக்க வேண்டியதாயிற்று.

முகம் வந்தது. புருவமும் உதடும் முதலிலேயே ஓரளவு இருந்தன. ஓட்டம் கிட்டத்தட்ட கிடைமட்டம் என்பதால் கிடைமட்டக் கோடுகள் அதிகம் அழிவதில்லை. கருவிழிதான் பிரச்சினை. அது ஒரு செ.மீ.க்குச் சற்றே அதிகம், அதாவது 10 பிக்சல். 18 பிக்சல் கலக்கத்துக்குள் அது முழுக்க மூழ்கியிருந்தது. 15 சுற்றுக்குப் பிறகு கறுப்பு ஒன்றாகக் கூடியது, எந்தப் பக்கம் பார்க்கிறாள் என்று சொல்ல முடிந்தது. இமைமயிர் வரவில்லை. வராது.

இனி எரிச்சல். குழந்தையின் அம்மா படத்தைப் பார்த்ததும் கேட்ட கேள்வி: "கவுன்ல கோடு இருந்துச்சே, அது எங்க?" கவுனில் செங்குத்துக் கோடுகள், கோட்டுக்குக் கோடு 2 செ.மீ. கலக்கமும் சரியாக 2 செ.மீ. ஒவ்வொரு பிக்சலும் ஒரு முழு வெள்ளையையும் ஒரு முழு நீலத்தையும் சமமாகக் குடித்து, எல்லா இடமும் ஒரே வெளிர்நீலமாகிவிட்டது. இது மங்கிய தகவல் இல்லை, பூஜ்யமாகிப்போன தகவல். 18 பிக்சல் இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் எதுவும் இந்தப் படத்தில் அழிந்துவிட்டது, 9, 6 பிக்சல் இடைவெளியில் வருவதும் அப்படியே. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 9-க்கும் 18-க்கும் நடுவில் வரும் கோடுகள் அழியாமல் தலைகீழாகும், வெளுத்தது கறுக்கும், கறுத்தது வெளுக்கும். அதை டிகான்வல்யூஷன் திருப்பிப் போட்டுவிடும். 18-ஐ எதுவும் செய்ய முடியாது. யாராவது அந்தக் கோடுகளைக் கொண்டுவந்து காட்டினால் அது அவர்கள் வரைந்த கோடு.

இதைவிட என்னைப் பல்லைக் கடிக்க வைப்பது கால்கள். உடம்பு 18 பிக்சல் நகர்ந்தபோது தரையில் ஊன்றிய கால் நகரவே இல்லை. முன்னால் வீசிய கால் உடம்பைப் போல் இரண்டு மடங்கு வேகம் வரை போகும். ஒரே குழந்தையில் மூன்று விதமான கலக்கம். முழுப் படத்துக்கும் ஒரே கோட்டைக் கொடுத்தால், முதலில் தெளிவாக இருந்த ஊன்றிய கால் கெட்டு, கணுக்காலும் கொலுசும் பக்கத்தில் ஆவியாக இன்னொரு முறை தெரிகின்றன. பின்னால் இருக்கும் படித்துறையும் அப்படித்தான், ஒவ்வொரு படிக்கும் இரண்டு விளிம்பு. ஆகவே முகத்தையும் தோளையும் மட்டும் மாஸ்க்கில் எடுத்து, மற்றதை மூலப் படத்திலிருந்தே விட்டேன்.

மாஸ்க் போட்டாலும் கன்னத்தின் விளிம்பு தப்பாது. ஷட்டர் திறந்திருந்த நேரத்தில் பாதி கன்னமும் பாதி ஆற்று வெளிச்சமும் அங்கே கலந்திருக்கின்றன. ஆறு நகரவில்லை, கன்னம் நகர்ந்தது. நகர்ந்ததும் நகராததும் கலந்த இடத்துக்கு ஒரே பரவல் என்ற கணக்கு செல்லாது. கன்னத்தை ஒட்டி மெல்லிய கோடுகள் வரிவரியாக வருகின்றன. நாய்ஸைப் பொறுத்துக்கொள்வேன். இந்த வரிகளை மட்டும் இத்தனை நாளாகியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கண் முதலில் அங்கேதான் போகும். விளிம்பில் மாஸ்க்கை மெத்தென்று விட்டு, புதிய லேயரைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் கலந்தால் அடங்கும். அடங்கும்போது தெளிவிலும் பாதி போய்விடும்.

அப்படியானால் பயன் உண்டா? 4×6 பிரிண்டுக்கு நிச்சயம் உண்டு. படம் 6000 பிக்சல் அகலம், 300 டிபிஐ-யில் 1800-ஆகச் சுருங்குகிறது. 18 பிக்சல் கலக்கம் அதிலேயே ஏறக்குறைய ஐந்தரை ஆகிவிடும். மிச்சத்தை டிகான்வல்யூஷன் குறைத்தால், ஆல்பத்தில் பார்ப்பவர்கள் கண்ணைத்தான் பார்ப்பார்கள். அம்மா சுவரில் மாட்ட 12×18 கேட்டார். அதற்கு 5400 பிக்சல் வேண்டும், ஒரு குறையும் ஒளியாது. முடியாது என்று சொல்லச் சொன்னேன்.

இந்தக் கருவியைப் போல நாணயமானது வேறொன்றை நான் பார்த்ததில்லை. தன்னால் முடியாததை மூடி மறைக்காமல் வரிவரியாகப் போட்டுக் காட்டிவிடும். ஆனாலும் ஓடுகிற குழந்தைக்காக இதைக் கற்றுக்கொள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். தம்பியிடம் சொன்னது இதுதான்: அதே வெளிச்சத்தில் ஷட்டர் 1/500, ISO 3200. கலக்கம் நாலரைப் பிக்சலாகும், நாய்ஸ் கூடும். நாய்ஸைப் போக்க நூறு வழி இருக்கிறது. "3200 வெச்சா புள்ளி புள்ளியா வருமேண்ணே" என்றார். வரட்டும் என்றேன்.