ஒரே வாயு, இரண்டு விதமான அமுக்கம்: எதற்கு வேலை அதிகம்?

வெப்பப் பரிமாற்றமில்லா அமுக்கத்துக்குத்தான் வேலை அதிகம் என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் பிஸ்டனை எங்கே நிறுத்துகிறோம் என்று சொல்லாதவரை அந்தப் பதில் பாதிதான் சரி.

ஒரு சிலிண்டரில் 1 லிட்டர் காற்று இருக்கிறது. அழுத்தம் 100 கிலோபாஸ்கல், வெப்பநிலை 300 கெல்வின். காற்றை நல்லியல்பு வாயுவாகவும் அதன் தன்வெப்ப விகிதம் γ-வை 1.4 ஆகவும் எடுத்துக்கொள்வோம். உராய்வு இல்லை. முதலில் இரண்டு வழியிலும் பருமனை ஐந்தில் ஒன்றாக, அதாவது 0.2 லிட்டராக, குறைப்போம்.

மெதுவாக அமுக்கி, உண்டாகும் வெப்பம் சுவர் வழியே உடனுக்குடன் வெளியேறும்படி விட்டால் அது வெப்பநிலை மாறா வழி. இதில் PV மாறாது, வேலை P₁V₁ ln(V₁/V₂). வெப்பம் வெளியேற வழியில்லாமல் அமுக்கினால் PV^γ மாறாது, வேலை P₁V₁[(V₁/V₂)^(γ−1) − 1]/(γ−1). எண்களைப் போட்டால் கிடைப்பது இது:

| | வெப்பநிலை மாறா வழி | வெப்பப் பரிமாற்றமில்லா வழி |
|---|---|---|
| இறுதி அழுத்தம் | 500 கிலோபாஸ்கல் | 952 கிலோபாஸ்கல் |
| இறுதி வெப்பநிலை | 300 கெல்வின் | 571 கெல்வின் |
| வாயுவின் மீது செய்த வேலை | 161 ஜூல் | 226 ஜூல் |

முதல் வழியில் கொடுத்த 161 ஜூலும் வெப்பமாக வெளியே போய்விட்டது. அக ஆற்றல் மாறவே இல்லை. இரண்டாவதில் 226 ஜூலும் வாயுவுக்குள்ளேயே தங்கி அதைச் சூடாக்கியது. சூடான வாயு பிஸ்டனை எதிர்த்துக் கூடுதலாகத் தள்ளுகிறது, அதனால்தான் வேலையும் ஏறுகிறது.

இப்போது அந்தச் சூடான வாயுவை, பிஸ்டனை நகரவிடாமல் பூட்டி, ஆற விடுங்கள். அழுத்தம் 952-லிருந்து இறங்கி 500-ல் நிற்கும். முதல் வழியில் வந்து சேர்ந்த அதே நிலைதான், ஆனால் 65 ஜூல் கூடுதலாகச் செலவழித்து வந்திருக்கிறோம். ஆய்வகத்திலும் இது உதவும். அமுக்கி நிறுத்திய பிறகு அழுத்தமானியின் முள் கொஞ்ச நேரம் இறங்கினால் வாயு சூடாகியிருந்தது என்று அர்த்தம். 500-ஐத் தாண்டியும் இறங்கிக்கொண்டே போனால் அது வெப்பம் அல்ல, கசிவு.

சரி, பருமனுக்குப் பதிலாக இறுதி அழுத்தத்தை 500 கிலோபாஸ்கல் என்று நிர்ணயித்தால்? வெப்பநிலை மாறா வழியில் எதுவும் மாறவில்லை: 0.2 லிட்டர், 161 ஜூல். வெப்பப் பரிமாற்றமில்லா வழியில் வாயு 0.317 லிட்டரிலேயே அந்த அழுத்தத்தைத் தொட்டுவிடுகிறது. வெப்பநிலை 475 கெல்வின், வேலை 146 ஜூல்தான். முடிவு தலைகீழாகிவிட்டது! ஒவ்வொரு அடியிலும் எதிர்ப்பு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் பிஸ்டன் போக வேண்டிய தூரம் குறைந்துவிட்டதே. இந்த ஆதாயமும் ஓர் எல்லை வரைதான். அழுத்தத்தை ஏறத்தாழ 9 மடங்குக்கு மேல் உயர்த்தப் போனால், காற்றுக்கு மறுபடி வெப்பப் பரிமாற்றமில்லா வழியே அதிக வேலை கேட்கும்.

அப்படியென்றால் கம்ப்ரசரைக் குளிர்விக்காமல் விடுவதுதானே லாபம் என்று தோன்றும். அங்கே கணக்கு வேறு. கம்ப்ரசர் காற்றை உள்ளே இழுக்கவும் வேண்டும், அமுக்கியதை 500 கிலோபாஸ்கல் அழுத்தத்துக்கு எதிராக வெளியே தள்ளவும் வேண்டும். இழுக்கும்போது உள்ளே வரும் காற்று பிஸ்டனுக்கு 100 ஜூல் தருகிறது. குளிர்ந்த 0.2 லிட்டரை வெளியே தள்ள 500 × 0.2 = 100 ஜூல்; இரண்டும் சரிக்குச் சரி. ஆனால் சூடான 0.317 லிட்டரைத் தள்ள 158 ஜூல் வேண்டும். ஆக மொத்தம் ஒரு சுற்றுக்கு 161 ஜூலுக்கு எதிராக 204 ஜூல். சிலிண்டருக்குள் மிச்சப்படுத்தியதைவிட அதிகமாக வால்வில் கொடுத்துவிட்டோம்.

வேகமாக ஓடும் கம்ப்ரசரில் காற்று சுவரோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொள்ள நேரமே இருப்பதில்லை. அதனால் 161-ஐ நேரடியாக எட்ட முடியாது. நடைமுறையில் அமுக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். முதல் கட்டத்தில் √5, அதாவது 2.24 மடங்கு, அழுத்தம் ஏற்றி, இடையில் ஒரு குளிர்விப்பானில் 300 கெல்வினுக்கு இறக்கி, இரண்டாம் கட்டத்தில் மீண்டும் 2.24 மடங்கு. மொத்த வேலை 181 ஜூல். 204-க்கும் 161-க்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிக்கு மேல் ஒரே குளிர்விப்பானில் மிச்சமாகிவிட்டது. கட்டங்களைக் கூட்டக் கூட்ட 161-ஐ நெருங்கலாம். ஆனால் ஒவ்வொரு குளிர்விப்பானும் அதன் குழாய்களும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும் என்பதால், கூடுதல் கட்டம் தரும் ஆதாயம் அந்த இழப்பைவிடக் குறைவாகும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள்.