சர்வரின் கடிகாரம் பார்க்காமல் யாரும் பணம் கட்டாதீர்கள்: 38,400 ரூபாய் இழந்தவன் எழுதுகிறேன்

போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறேன். இணையவழி மாதிரித் தேர்வுக்கு 192 பேர் தலா 200 ரூபாய் கட்டியிருந்தார்கள். அந்த 38,400 ரூபாயையும் நேற்று திருப்பிக் கொடுத்து முடித்தேன். இன்றுவரை அந்த வாடகை சர்வர் நிறுவனம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

பராமரிப்பையும் அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி மாதக் கட்டணம் வாங்கும் நிறுவனம் அது. வாரம் ஒருமுறை ஞாயிறு அதிகாலை 3:30க்கு சர்வரை மறுதொடக்கம் செய்யச் சொல்லியிருந்தேன். அது இந்திய நேரம்தானா என்று தொலைபேசியில் கேட்டதற்கு, "சர்வரே மும்பையில்தான் சார் இருக்கு, வேற எந்த நேரம் இருக்கும்?" என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். நான் நம்பினேன். சர்வர் எந்த ஊரில் இருக்கிறது என்பதற்கும் அதன் கடிகாரம் எந்த நேர மண்டலத்தில் ஓடுகிறது என்பதற்கும் தொடர்பே இல்லை என்பதும், புதிதாக நிறுவப்படும் சர்வர்கள் பெரும்பாலும் UTC என்னும் உலகப் பொது நேரத்திலேயே வந்து சேர்கின்றன என்பதும் அன்று எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை 9 மணிக்குத் தேர்வு தொடங்கியது. 9:11க்கு 192 பேரின் திரையும் ஒரே நேரத்தில் நின்றது. அதுவரை எழுதிய விடைகள் அனைத்தும் போயின. மாணவர்களின் வாட்ஸ்அப் செய்திகள் 9:12 முதல் வந்து குவிந்தன.

முதல் புகாருக்கு, "மறுதொடக்கம் 3:30க்கு நடந்ததாகத்தான் பதிவேடு காட்டுகிறது, 9 மணிக்கு நின்றது உங்கள் மென்பொருளின் கோளாறு" என்று எழுதிவிட்டுப் புகாரை மூடினார்கள். பதிவேட்டு வரிகளின் இறுதியில் +0000 என்று இருந்ததை எடுத்துக் காட்டி, அது UTC, அதனுடன் ஐந்தரை மணி நேரம் கூட்டினால் காலை 9:00 வருகிறது என்று நான் விளக்கிய பிறகு, "அப்படியானால் 9:11 என்று ஏன் சொல்கிறீர்கள், மாணவர்களின் கைபேசி நேரம் தவறாக இருக்கும்" என்றார்கள். 192 கைபேசிகளும் ஒரே அளவு தவறுமா? அந்த 11 நிமிடத்தைக் காரணம் காட்டி மூன்று நாள் இழுத்தடித்தார்கள். நான் உள்நுழைந்து `timedatectl` கட்டளையை இயக்கியபோது கிடைத்தது இது:

```
Time zone: Etc/UTC (UTC, +0000)
System clock synchronized: no
NTP service: inactive
```

அங்கே இருந்தது இரண்டு தனித்தனிப் பிழைகள். மண்டலம் UTC என்பது ஒன்று. நேர ஒத்திசைவுச் சேவையே ஓடாததால் கடிகாரம் மெல்ல மெல்லப் பின்தங்கி 11 நிமிடம் தாமதமாகியிருந்தது என்பது மற்றொன்று. சர்வர் 3:30 என்று நினைத்தபோது உண்மையான UTC நேரம் 3:41, நமக்குக் காலை 9:11. மண்டலப் பிழை என்றால் வித்தியாசம் முழு மணியாகவோ, அரை மணி, கால் மணி சேர்ந்தோதான் வரும். அதற்கு மேல் ஒட்டாத நிமிடங்கள் மிஞ்சினால் கடிகாரமே பிசகியிருக்கிறது என்று பொருள்.

வியாழக்கிழமை "சரிசெய்துவிட்டோம்" என்று பதில் வந்தது. அதை நம்பி அடுத்த ஞாயிறு அதே 9 மணிக்கு மறுதேர்வு வைத்தேன். அதுவும் 9:11க்கு நின்றது! மண்டலத்தை Asia/Kolkata என்று மாற்றியவர்கள், குறித்த நேரத்தில் வேலைகளை இயக்கும் cron சேவையை மறுதொடக்கம் செய்யவில்லை. அது தொடங்கிய நேரத்தில் இருந்த UTC கணக்கையே வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. கடிகாரத்தை ஒத்திசைக்கவும் இல்லை. பெற்றோர் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றவன் நான். 38,400 ரூபாயும் அன்றுதான் கையைவிட்டுப் போனது. இழப்பீடு கேட்டபோது, "மறுதொடக்கம் நீங்கள் கேட்டதுதானே" என்று முடித்துக்கொண்டார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கான மனநிலை இல்லை. இவற்றை மட்டும் பாருங்கள். சர்வர் கைக்கு வந்த அன்றே `date -u` இயக்கி, இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் குறைத்து, நிமிடம் வரை ஒப்பிடுங்கள். மண்டலத்தை மாற்றினால் உடனே `systemctl restart cron` கொடுங்கள் (சில சர்வர்களில் அதன் பெயர் crond). UTCயிலேயே வைத்திருப்பதானால், ஞாயிறு அதிகாலை 3:30 என்பது அங்கே சனி இரவு 10:00. மணியோடு கிழமையையும் மாற்றுங்கள்:

```
0 22 * * 6 /sbin/reboot
```

முக்கியமாக, முதல் மறுதொடக்கம் நடக்கும் வேளையில் கைக்கடிகாரத்துடன் விழித்திருந்து பாருங்கள். தேர்வு நாளுக்கு முந்தைய வாரமே பாருங்கள்.