பஸ் டிக்கெட் தேதியை மாற்ற: போனில் கேட்பதா, எழுதி அனுப்புவதா?

அவசரத்துக்குப் போன்தான் வசதி. கிளம்ப நாலைந்து மணி நேரமே இருந்தால் யோசிக்காமல் கூப்பிடுங்கள். மற்றபடி நான் இப்போது எழுதித்தான் அனுப்புகிறேன், போன வாரமும் அப்படித்தான் ஒரு டிக்கெட்டை மாற்றினேன்.

காரணம் நேரக் கணக்கு. புறப்பட இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பிடித்தம் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் மாற்றவே முடியாது. போனில் பஸ் நிறுவனத்து ஆள் "பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டு, திரும்பக் கூப்பிடுவதற்குள் அந்தக் கெடு தாண்டிவிட்டால், முன்பே கேட்டோம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. எழுதியதில் நேரம் பதிந்திருக்கும்.

ஆனால் "டேட் மாத்த முடியுமா?" என்று ஒற்றை வரி அனுப்பினால் போனைவிட மோசம். பிஎன்ஆர் என்ன, எந்தத் தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம். பிஎன்ஆர் (எண்), 2 பேர், இருக்கை 5, 6. மார்ச் 14 சனிக்கிழமை இரவு கிளம்பும் பஸ். நாங்கள் ஏறுவது நள்ளிரவு தாண்டி 12.30க்கு. இதை மார்ச் 21 சனிக்கிழமை இரவு பஸ்ஸுக்கு மாற்ற வேண்டும், ஏறும் இடம் அதேதான். கட்டண வித்தியாசம் எவ்வளவு என்று சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன். 21இல் இடம் இல்லையென்றால் இந்த டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டாம், எனக்குத் தெரிவியுங்கள்."

கிழமையும் "இரவு கிளம்பும்" என்பதும் சும்மா போட்டதில்லை. 12.30க்கு ஏறுபவருக்குக் காலண்டரில் அது 15ஆம் தேதி. பஸ்காரர் கணக்கில் 14. வெறும் தேதியை மட்டும் எழுதினால் ஒரு நாள் தள்ளிப்போட்டுவிடுவார்கள். கடைசி வரி அதைவிட முக்கியம். அது இல்லாவிட்டால், பழைய டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு "புது தேதியில் சீட் இல்லை சார்" என்று பதில் வர வாய்ப்புண்டு. பிடித்தமும் போகும், இடமும் போகும்.

செயலி வழியாக எடுத்த டிக்கெட் என்றால் பஸ் நிறுவனம் பெரும்பாலும் "அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கைவிரிக்கும். அதனால் முதலில் செயலியில் தேதி மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு பேர் டிக்கெட்டில் ஒருவருக்கு மட்டும் மாற்றிப் பார்த்த அனுபவம் எனக்கில்லை, அதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

"மாத்தியாச்சு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். புது தேதி, இருக்கை எண், ஏறும் இடம் மூன்றும் உள்ள புது டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் பிஎன்ஆரே மாறிவிடும், பழைய எண்ணோடு போய் நின்றால் நடத்துநர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது.