மைத்ரியும் ஹிமாத்ரியும்: இரண்டிலும் நார்வே, சட்டம் வேறு

பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2014-இல் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் கோங்ஸ் ஃபியோர்டில் கண்காணிப்புக் கருவித் தொகுதியை இறக்கியது. அங்கே நம் ஆராய்ச்சித் தளம் ஹிமாத்ரி. அண்டார்க்டிகாவில் மைத்ரி. இரண்டு நிலங்களையும் நார்வே தன்னுடையது என்கிறது. ஆனால் நம் சட்டநிலை இரண்டு இடங்களிலும் ஒன்றுக்கொன்று நேர்மாறானது.

மைத்ரி நிற்கும் குயின் மாட் நிலத்தை நார்வே 1939-இல் உரிமை கோரியது. 1959 அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு அத்தகைய கோரிக்கைகளை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை, அப்படியே உறையவைத்தது. அதனால் மைத்ரிக்கு நார்வேயின் அனுமதி தேவையில்லை. அனுமதிச் சீட்டு தருவதும் குற்றத்தை விசாரிப்பதும் 2022-இன் இந்திய அண்டார்க்டிக் சட்டப்படி நம் பொறுப்பு. ஒப்பந்தத்தில் முடிவெடுக்கும் உரிமையுள்ள பிற ஆலோசக நாடுகளின் பார்வையாளர்கள் எப்போது வேண்டுமானாலும் தளத்தைச் சோதிக்கலாம்.

ஸ்வால்பார்டில் 1920 ஒப்பந்தம் நார்வேக்கு முழு இறையாண்மை தந்தது. ஹிமாத்ரி நிற்கும் நீ-ஓலசுண்டை நார்வே அரசு நிறுவனமான கிங்ஸ் பே நடத்துகிறது. களப்பணிக்கு நார்வே ஆளுநரின் விதிகளே பொருந்தும். சிக்கல் இங்கேதான். மீன்பிடிப்பு, சுரங்கம், வணிகம் ஆகியவற்றில் உறுப்பு நாட்டவருக்குச் சம உரிமை உண்டு. ஆராய்ச்சிக்கோ ஐந்தாம் பிரிவு தனி உடன்படிக்கையை எதிர்நோக்கியது, அது உருவாகவேயில்லை. ஆகவே ஆராய்ச்சி ஒப்பந்த உரிமை அல்ல என்பது நார்வேயின் வாதம்.

நிரந்தரமான நீண்டகாலப் பதிவுகளுக்கு மைத்ரியின் சட்டநிலையையே நான் உறுதியானதாகக் கருதுகிறேன்.