பார்த்தெழுதுவதும் வினாவைப் பகிர்வதும்

கிளிநொச்சியிலிருந்து கணினி வலையமைப்புச் சான்றிதழ்ப் பரீட்சைக்குச் செல்லும் ஒருவர், மண்டபத்தில் துண்டுத்தாளைப் பார்ப்பதே குற்றமென்றும், வெளியே வந்து நினைவிலுள்ள வினாக்களை வாட்ஸ்அப் குழுவில் இடுவது உதவியென்றும் எண்ணக்கூடும். முன்னதில் மேற்பார்வையாளர் அறிக்கை எழுதுவார். அந்தப் பெறுபேறு இரத்தாகும், மீண்டும் தோற்றுவதற்குத் தடையும் வரலாம்.

பின்னதையே நான் கடுமையானதாகக் கருதுகிறேன். முதல் வினாவுக்கு முன் திரையில் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திய இரகசியக் காப்பு உடன்படிக்கை சித்தியடைந்த பின்பும் கட்டுப்படுத்துவதால், குழுவில் யாரோ எடுத்த ஸ்கிரீன்ஷொட்டே பின்னாளில் சான்றாகி, அதே நிறுவனம் வழங்கிய ஏனைய சான்றிதழ்களும் சேர்ந்து பறிபோகலாம். பரீட்சையின் கடினம் பற்றிப் பேசலாம். வினாவையும் விடைத் தெரிவுகளையும் சொல்லக்கூடாது. தண்டனைக் கடிதம் வந்தால், அதில் குறித்த காலத்துக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும்.