ஃபுட்டரில் ஜிஎஸ்டி எண் போட்டு மூன்று வருடம்: எது வேலை செய்தது, எது இல்லை

ஏற்காட்டுக் காப்பியையும் மிளகையும் சேலம் அஸ்தம்பட்டியில் வறுத்து அரைத்து, எங்கள் சொந்தத் தளத்தில் விற்கிறோம். மூன்று வருடத்துக்கு முன்னால் தளத்தின் ஃபுட்டரில் ஜிஎஸ்டி எண், உணவு உரிம எண், முகவரி எல்லாம் போட்டேன். போட்டால் ஆர்டர் கூடும் என்று நினைத்தேன். முதலில் வந்தது ஒரு போன்தான்.

திருச்சியிலிருந்து ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற வங்கிக்காரர். "தம்பி, உங்க எண்ணை ஜிஎஸ்டி தளத்தில போட்டுப் பார்த்தேன். கடைப் பேரே வரலை, ஒரு அம்மா பேரு வருது. யாரு அது?"

அது எங்கம்மா. வீடு அவர் பெயரில் இருந்ததால் பதிவையும் அவர் பெயரிலேயே எடுத்திருந்தோம். வணிகப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதிலும் ஆடிட்டர் அம்மா பெயரையே போட்டுவிட்டார். அப்போது யாரும் கவனிக்கவில்லை. தளத்தில் ஒரு பெயர், அரசுத் தேடலில் வேறு பெயர், பணம் அனுப்பும்போது யுபிஐ திரையில் அம்மாவின் சேமிப்புக் கணக்குப் பெயர். உஷாரான ஆள் ஏமாற்று வேலை என்றுதான் நினைப்பார். எண்ணே போடாமல் இருந்திருந்தால் இந்தச் சந்தேகம்கூட வந்திருக்காது.

அன்றைக்கே ஃபுட்டரில் உரிமையாளர் என்று அம்மா பெயரைச் சேர்த்தேன். அது ஒட்டுப்போட்ட வேலைதான். பிறகு வணிகப் பெயரை மாற்ற விண்ணப்பித்தோம். பான் எண் மாறாததால் புதுப் பதிவு தேவையில்லை, திருத்தம் போதும். ஆனால் இது அதிகாரி பார்த்து ஒப்புதல் தர வேண்டிய வகைத் திருத்தம். போன் நம்பர் மாற்றுவதுபோல் உடனே மாறிவிடாது. ஒப்புதல் வந்ததும் அந்தச் சான்றிதழை வைத்துக் கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்கினோம். யுபிஐ திரையிலும் கடைப் பெயர் வந்த பிறகுதான் "யாரு அது?" போன்கள் நின்றன.

எண்ணைப் படமாகப் போடாதீர்கள். நான் முதலில் லோகோவோடு சேர்த்து ஒரே படமாகப் போட்டிருந்தேன். பார்த்துத் தட்டச்சு செய்கிறவர்கள் சுழியத்தை O என்று அடித்துவிட்டு, தேடலில் ஒன்றும் வரவில்லை என்பார்கள். இப்போது காப்பி செய்யக்கூடிய எழுத்தாக இருக்கிறது.

ஒரு விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. எண்ணின் அமைப்பு இப்படி:

```
33 XXXPX0000X 1 Z 0
```

33 என்பது தமிழ்நாடு. அடுத்த பத்தும் அப்படியே பான் எண். அதன் நான்காவது எழுத்து P என்றால் தனிநபர். அதாவது எங்கள் ஃபுட்டரில் அம்மாவின் பான் எண் ஊருக்கே தெரிகிறது. தேடலில் வீட்டு முகவரியும் வந்துவிடும். நாமக்கல்லிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பித்தூள் வாங்க வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்! அம்மா காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினார். வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள். எண்ணை மறைத்தாலும் முகவரி தப்பாது. 2020 மின்வணிக விதிகள்படி சட்டப் பெயர், முகவரி, குறைதீர் அலுவலர் விவரம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும்.

எண்ணால் உண்மையாகவே வியாபாரம் வந்தது கடைகளிடமிருந்துதான். பெங்களூரில் ஒரு சின்னக் கடைக்காரர் மாதம் 20 கிலோ எடுக்கிறார். முதல் ஆர்டருக்கு முன்பே எங்கள் எண்ணைத் தேடி, நாங்கள் ரிட்டர்ன் போடும் தேதிகளைப் பார்த்திருக்கிறார். அந்தப் பட்டியலும் அங்கேயே எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை நாங்கள் தாமதமாகப் போட்டபோது, "அண்ணா, உங்க பில் என் பக்கம் ஏறலையே" என்று அவர்தான் முதலில் கூப்பிட்டார். நாங்கள் காலாண்டு ரிட்டர்ன் போடுகிறவர்கள். காலாண்டின் முதல் இரண்டு மாதங்களின் பில் விவரத்தை அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் தனியாக ஏற்றினால்தான், எங்களுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை அவர் உள்ளீட்டு வரியாக அந்தந்த மாதக் கணக்கிலேயே எடுக்க முடியும். இப்போது மறக்காமல் ஏற்றுகிறேன்.

வீட்டுக்கு வாங்குகிறவர்களில் எண்ணைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவு. பெரும்பாலானோர் போன் நம்பர் இருக்கிறதா, அடித்தால் எடுக்கிறார்களா என்றுதான் பார்க்கிறார்கள்.

போன வருடம் இன்னொன்றும் நடந்தது. யாரோ எங்கள் ஃபுட்டரை அப்படியே எடுத்து ஒரு போலித் தளத்தில் ஒட்டிவிட்டார்கள். பணம் கட்டிய ஒரு பெண் எண்ணைத் தேடி, எங்கள் பெயர் வந்ததும் எங்களைத் திட்டினார். எண் உண்மையானது, தளம்தான் பொய். பணம் எந்தப் பெயருக்குப் போனது என்று கேட்டேன். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், அதில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடித்துப் புகார் கொடுக்கச் சொன்னேன். இப்போது பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே, யுபிஐ திரையில் எந்தப் பெயர் வரும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அதையும் எவனாவது காப்பியடிக்கலாம். ஆனால் அடித்தால் அவன் கணக்குப் பெயர் அதோடு ஒத்துப்போகாது.